எளிய தமிழுக்கு மாற்றும்போது எதைத் தொடக்கூடாது? ஒரு காபித் தோட்டத் துண்டறிக்கையை வைத்து முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டுக் காபி விவசாயிகளுக்கான துண்டறிக்கைகளும் சிறு கையேடுகளும் பெரும்பாலும் கீழே சேலத்தில்தான் தட்டச்சாகி அச்சாகின்றன. எழுதித் தருபவர் தொழில்நுட்பம் படித்தவர். அவருடைய தமிழ் "தெளிக்கப்படுதல் வேண்டும்", "பயன்படுத்தப்படலாகாது" என்று விறைப்பாக இருக்கும். நாகலூரிலோ வாழவந்தியிலோ தோட்டத்தில் நின்று படிக்கிறவருக்கு அது ஓடாது. அதனால் அச்சுக்குப் போகும் முன் யாராவது அதை இளக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் செய்வது அந்த வேலை.

இளக்குவதில் சிரமம் அதிகமில்லை. இளக்கும்போது எது அப்படியே நிற்க வேண்டுமோ அதை நிற்க வைப்பதுதான் கடினம். மேற்கோள், கலைச்சொல், அளவு, எச்சரிக்கைத் தொடர் ஆகியவை விறைப்பான வாக்கியத்துக்கு நடுவில் அதே விறைப்போடுதான் உட்கார்ந்திருக்கும். கை ஓடும் வேகத்தில் அவற்றையும் சேர்த்துத் தளர்த்திவிடுவோம். இதைத் தடுக்க நான் பின்பற்றும் முறையை, காபியில் இலைத்துரு நோயைத் தடுக்கத் தெளிக்கும் போர்டோ கலவை பற்றிய ஒரே ஒரு பத்தியை வைத்துக் காட்டுகிறேன். மற்ற துறை எழுத்துக்கும் இதே வரிசை பொருந்தும்.

மூலப் பத்தி

> தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பாக, இலைத்துரு நோய்த் தடுப்பு நடவடிக்கையாக 0.5 விழுக்காடு போர்டோ கலவை, இலைகளின் அடிப்பரப்பு நன்கு நனையும்வண்ணம் தெளிக்கப்படுதல் வேண்டும். இக்கலவை தயாரித்தலின்பொருட்டு 1 கிலோ மயில்துத்தம் 100 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு நீற்றப்பட்டு மற்றொரு 100 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைக்கப்பட்டு, மயில்துத்தக் கரைசல் சுண்ணாம்புப் பாலில் சிறிது சிறிதாக ஊற்றப்பட்டு இடைவிடாது கலக்கப்படுதல் வேண்டும். இரும்புக் கலன்கள் பயன்படுத்தப்படலாகாது.

அவசரத்தில் இளக்கினால் இது எப்படி மாறும் என்று முதலில் பாருங்கள்.

> மழைக்கு முன் துரு நோய்க்கு மருந்து அடியுங்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் ஒரு கிலோ வீதம் எடுத்து 200 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் வேண்டாமே.

படிக்கச் சுகமாக இருக்கிறது, எண்களும் கூட்டினால் சரியாக வருகின்றன. ஆனால் இதை நம்பித் தோட்டத்தில் இறங்கினால் வேலை கெடும். இலைத்துருவை உண்டாக்கும் பூஞ்சை இலையின் அடிப்பக்கத்திலுள்ள துளைகள் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. "அடிப்பரப்பு" போய்விட்டதால் விவசாயி மேலாகத் தெளித்துவிட்டு வருவார். "சுட்ட சுண்ணாம்பு" வெறும் சுண்ணாம்பாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதை எதில் ஊற்றுவது என்பதே காணாமல் போனது. மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றினால் மென்மையான நீலக் குழம்பு கிடைக்கும், இலையில் ஒட்டி நிற்கும். தலைகீழாக ஊற்றினால் துகள் திரண்டு அடியில் படியும், தெளிப்பான் முனையும் அடைத்துக்கொள்ளும்.

படி 1: திருத்தும் முன் பென்சில்

மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு ஒரு நகலில் வேலை செய்யுங்கள். நகலையும் உடனே திருத்தத் தொடங்காதீர்கள். முதல் வாசிப்பில் கையில் பென்சில் மட்டும்தான். எது மாறக்கூடாது என்று அடிக்கோடு போடுவது மட்டுமே அப்போது வேலை. வாசித்துக்கொண்டே திருத்தினால், இரண்டாவது வாக்கியத்துக்கு வரும்போது முதல் வாக்கியத்தில் எது பூட்டப்பட வேண்டியது என்ற நினைவே மங்கிவிடும்.

அடிக்கோடு போட்டவற்றை மூன்று வகையாகப் பிரிக்கிறேன். பூட்டின் இறுக்கம் மூன்றுக்கும் ஒன்றல்ல என்பதால்தான் இந்தப் பிரிப்பு.

முதல் வகை எழுத்துக்கு எழுத்து நிற்க வேண்டியவை. மேற்கோள், குறள், சட்டப் பெயர், நிறுவனப் பெயர், மருந்து லேபிளிலிருந்து எடுத்த வரி எல்லாம் இதில் வரும். இரண்டாவது வகை கலைச்சொற்கள். இவற்றில் அடிச்சொல் மாறக்கூடாது, வேற்றுமை உருபு வாக்கியத்துக்கு ஏற்ப மாறலாம். மூன்றாவது, பொருளின் இறுக்கம் மட்டும் நிற்க வேண்டியவை: "வேண்டும்", "கூடாது", "-க்கு முன்", "தனித்தனியே", "சிறிது சிறிதாக" போன்றவை. இவற்றின் வடிவத்தை மாற்றலாம், வலுவைக் குறைக்கக்கூடாது.

மூன்றாவது வகையைத்தான் பலரும் பூட்டுவதில்லை. "பயன்படுத்தப்படலாகாது" என்பதை "பயன்படுத்தக் கூடாது" என்று மாற்றுவது சரி. "தவிர்ப்பது நல்லது" என்று எழுதினால் அது யோசனையாகிவிடும். மயில்துத்தக் கரைசல் இரும்பை அரிக்கும். கரைசலில் இருக்க வேண்டிய தாமிரம் இரும்பின் மேல் படிந்து வீணாகும். அதனால் எழுதியவர் தடை என்றே சொல்லியிருக்கிறார். தடை தடையாகவே விவசாயி கைக்குப் போக வேண்டும்.

படி 2: பூட்டுப் பட்டியல்

அடிக்கோடு போட்டதையெல்லாம் ஒரு தனித்தாளில், வந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நம் பத்திக்கான பட்டியல் இப்படி வரும்:

- தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்: பொருள் பூட்டு
- இலைத்துரு நோய்: கலைச்சொல்
- 0.5 விழுக்காடு: எழுத்துக்கு எழுத்து
- போர்டோ கலவை: கலைச்சொல்
- இலையின் அடிப்பரப்பு: கலைச்சொல்
- 1 கிலோ மயில்துத்தம், 100 லிட்டர்: எண்ணும் அலகும் பொருளும் ஒன்றாக
- 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, நீற்றி, மற்றொரு 100 லிட்டர்: ஒன்றாக
- மயில்துத்தக் கரைசல் → சுண்ணாம்புப் பால்: திசைப் பூட்டு
- சிறிது சிறிதாக, இடைவிடாது: பொருள் பூட்டு
- இரும்புக் கலன் கூடாது: பொருள் பூட்டு

எண்ணைத் தனியாகப் பூட்டாதீர்கள். "1 கிலோ" இரண்டு முறை வருகிறது, "100 லிட்டர்" இரண்டு முறை வருகிறது. எண்ணை மட்டும் சரிபார்த்தால் அவை இடம் மாறினாலும் தெரியாது. எண், அலகு, எந்தப் பொருளின் அளவு என்ற மூன்றும் சேர்ந்ததே ஒரு பூட்டு.

கலைச்சொல்லில் எந்த வடிவத்தைப் பூட்டுவது என்பதை இந்தப் படியிலேயே முடிவு செய்துவிடுங்கள். உரக்கடையில் வாங்கும் மூட்டையில் "காப்பர் சல்பேட்" என்று இருக்கும். மூலத்தில் "மயில்துத்தம்" என்று இருக்கிறது. துருசு என்று சொல்கிறவர்களும் உண்டு. மூன்றையும் மாற்றி மாற்றி எழுதினால், மூன்று பொருள் வாங்க வேண்டுமோ என்று படிப்பவர் குழம்புவார். முதல் முறை வரும்போது மட்டும் "மயில்துத்தம், அதாவது மூட்டையில் காப்பர் சல்பேட் என்று போட்டிருப்பது" என்று இணைத்துச் சொல்லிவிட்டு, பிறகு கடைசி வரை மயில்துத்தம் என்றே எழுதுங்கள். "தாமிர மருந்து" என்று பொதுவாக இளக்குவது இதைவிட ஆபத்து. காப்பர் ஆக்ஸிகுளோரைடும் தாமிர மருந்துதான். அது வேறு பொருள், அதன் அளவும் வேறு, அதில் சுண்ணாம்பு சேர்க்கும் வேலையும் கிடையாது.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை கெடும் என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் பழகியிருக்கிறோம். செய்முறை எழுத்தில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பத்து இடத்தில் மயில்துத்தம் வந்தால் பத்து இடத்திலும் மயில்துத்தம்தான்.

சுண்ணாம்புக்கும் இதே கவனம் தேவை. சுட்ட சுண்ணாம்பு நீர் பட்டதும் கொதித்து நீறும். நீறியபின் அதுவே நீற்றிய சுண்ணாம்பு. ஒரு கிலோ தூய சுட்ட சுண்ணாம்பு நீறினால் கிட்டத்தட்ட 1.3 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகும். ஆகவே நீற்றியதை அதே ஒரு கிலோ போட்டால், மூலம் கேட்ட சுண்ணாம்பில் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. அது பொதி பிரிந்து காற்றுப்பட்டுக் கிடந்ததானால் இன்னும் குறையும். சுண்ணாம்பு போதாத கலவை இலையைக் கருக்கும். "சுட்ட" என்ற அடைமொழியை அலங்காரம் என்று நினைத்து வெட்டினால் நேர்வது இது.

படி 3: எதற்கு அடையாளக் குறி, எதற்கு வண்ணம்

பூட்ட வேண்டிய இடத்தை எடுத்துவிட்டு, அங்கே [[1]], [[2]] என்று ஒரு குறியை வைத்து, சுற்றியுள்ளதை இளக்கிய பிறகு மூலத்தை மீண்டும் ஒட்டுவது தெரிந்த முறைதான். முதல் வகைக்கு, அதாவது எழுத்துக்கு எழுத்து நிற்க வேண்டியதற்கு, இதைவிட நல்ல முறை இல்லை. கண்ணில் படாததைக் கை திருத்தாது.

ஆனால் தமிழில் கலைச்சொல்லுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். [[4]] என்பது மயில்துத்தம் என்று வைத்துக்கொள்வோம். இளக்கும்போது "[[4]]ஐத் தண்ணீரில் கரையுங்கள்" என்று எழுதுவீர்கள். ஒட்டும்போது "மயில்துத்தம்ஐத்" என்று வந்து நிற்கும். சரியான வடிவம் "மயில்துத்தத்தை". மகர ஈற்றுச் சொற்கள் எல்லாம் உருபு ஏற்கும்போது இப்படி உடல் மாறும். நிலம் நிலத்தை ஆகும், மரம் மரத்தில் ஆகும். "சுண்ணாம்பு" வேறு வழியில் மாறி "சுண்ணாம்பை" என்றாகும். ஒவ்வொன்றையும் ஒட்டிய பிறகு கையால் சரிசெய்யப் போனால், பூட்டின் பயனே போய்விடும்.

அதனால் கலைச்சொல்லை இருந்த இடத்திலேயே விட்டு, மஞ்சள் பின்னணி கொடுத்துவிடுகிறேன். மஞ்சளுக்குள் உருபைத் தவிர எதையும் தொடுவதில்லை என்பது விதி. பொருள் பூட்டுகளுக்குப் பச்சை. இப்படி வண்ணம் பூசிய பத்தியைப் பார்த்தாலே, இளக்கக் கிடைக்கும் இடம் எவ்வளவு குறைவு என்பது புரியும். நம் பத்தியில் தாராளமாகத் தொடக்கூடியவை "நடவடிக்கையாக", "தயாரித்தலின்பொருட்டு", "நனையும்வண்ணம்", "-ப்படுதல் வேண்டும்" போன்றவைதான். விறைப்பு முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது.

சந்தியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறிக்கு முந்தைய சொல்லில் ஒற்று மிகுமா என்பது குறிக்குள் இருக்கும் சொல்லின் முதல் எழுத்தைப் பொறுத்தது. எனவே குறி நிற்கும்போது சந்தி பார்க்காதீர்கள், ஒட்டிய பிறகு பாருங்கள். பார்க்கும்போதும் பூட்டின் வெளி ஓரத்தில்தான் பார்க்க வேண்டும். ஒரு சட்டத்தின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ ஒற்று இல்லாமல் பதிவாகியிருந்தால் அதற்குள் ஒற்றைச் சேர்க்க நமக்கு உரிமையில்லை. சந்தி திருத்தும் மென்பொருளைக் கோப்பு முழுவதும் ஓடவிடுவதால்தான் இது அதிகம் நடக்கிறது.

படி 4: இளக்குவது

இப்போது பத்தியை வாக்கியம் வாக்கியமாக எடுத்துப் பிரிக்கலாம். ஒரு வாக்கியத்தில் ஒரு செயல் போதும். செயப்பாட்டு வினைகளை நேரடி ஏவலாக மாற்றுங்கள்.

> இலைத்துரு நோய் வராமல் தடுக்க, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பே 0.5 விழுக்காடு போர்டோ கலவையைத் தெளித்துவிடுங்கள். இலையின் அடிப்பரப்பு நன்றாக நனைய வேண்டும்.
>
> கலவை செய்யும் முறை: 1 கிலோ மயில்துத்தத்தை, அதாவது மூட்டையில் காப்பர் சல்பேட் என்று போட்டிருப்பதை, 100 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை நீற்றி, வேறொரு 100 லிட்டர் தண்ணீரில் தனியாகக் கரையுங்கள். இது சுண்ணாம்புப் பால். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஊற்றி முடியும்வரை விடாமல் கலக்கிக்கொண்டே இருங்கள். இரும்புக் கலன் பயன்படுத்தக் கூடாது.

"இது சுண்ணாம்புப் பால்" என்ற மூன்று சொல் வாக்கியம் மூலத்தில் இல்லை. பூட்டிய சொல்லை விளக்கும் முறை இதுதான். சொல்லை மாற்றாமல், அதன் பக்கத்திலேயே ஒரு குட்டி வாக்கியத்தை உட்கார வைப்பது.

ஊற்றும் வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். கலைச்சொல்லில் உருபு மாறலாம் என்று சொன்னேன். இங்கே அந்தச் சலுகை செல்லாது. "கரைசலை" என்பதிலுள்ள ஐ, "பாலில்" என்பதிலுள்ள இல் ஆகிய இரண்டு உருபுகள்தான் திசையைத் தாங்குகின்றன. அவை இடம் மாறினால் செய்முறையே கவிழும். சொற்கள் எல்லாம் அப்படியே இருப்பதால் சொல்லை எண்ணிப் பார்க்கும் எந்தச் சரிபார்ப்பிலும் சிக்காது. "கரைசலோடு பாலைச் சேருங்கள்", "இரண்டையும் கலக்குங்கள்", "அதை இதில் ஊற்றுங்கள்" எல்லாமே இயல்பான தமிழ்தான். மூன்றிலும் திசை தொலைந்தோ மங்கியோ போகிறது. செய்முறையில் ஒன்றை இன்னொன்றோடு சேர்க்கும் வாக்கியம் வந்தால், உருபோடு சேர்த்துப் பூட்டுங்கள். சுட்டுப்பெயரை அங்கே அனுமதிக்காதீர்கள்.

இளக்குகிறவருக்கு இன்னொரு ஆசையும் வரும். நமக்குத் தெரிந்ததைச் சேர்த்துவிடலாம் என்ற ஆசை. சுண்ணாம்புப் பால் இருக்கும் கலன் மொத்தம் 200 லிட்டரும் பிடிக்க வேண்டும் என்பது படித்தாலே புரிகிறது. பளபளப்பான இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் முக்கி, செந்நிறமாகத் தாமிரம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அறியும் சோதனையும் பலருக்குத் தெரியும். இரண்டும் பயனுள்ளவை. ஆனாலும் எழுதித் தந்தவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே சேர்க்க வேண்டும். துண்டறிக்கையில் வரும் ஒவ்வொரு வரிக்கும் அவர்தான் பொறுப்பு.

மேற்கோளும் லேபிள் வரியும்

விவசாயக் கையேட்டின் தலையில் ஒரு குறள் இருப்பது வழக்கம். அதிகம் வருவது இது:

> சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம் அதனால்
> உழந்தும் உழவே தலை

"உழந்தும்" இன்று புழக்கத்தில் இல்லாத வடிவம். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் அதன் கீழ் சிவப்புக் கோடு போடும். யாரோ ஒருவர் "உழைத்தும்" என்று திருத்திவிடுவார். "பின்னது உலகம்" என்பதைச் சில பதிப்புகள் சீர் பிரித்துப் "பின்ன துலகம்" என்று அச்சிடுகின்றன. இரண்டுமே வழக்கில் உள்ளவைதான். எழுதியவர் எதைக் கொடுத்தாரோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததே பிழையாகத் தெரிந்தால் ஒரு நல்ல பதிப்பை எடுத்து ஒப்பிடுங்கள், நினைவிலிருந்து திருத்த வேண்டாம். ஏழு சீரும் இருக்கின்றனவா, முதல் அடியில் நான்கு, இரண்டாவதில் மூன்று என்று வரி பிரிந்திருக்கிறதா என்பதைக் கடைசி அச்சுப்படியிலும் பாருங்கள். பத்தி அகலம் குறைந்தால் வரி தானாக உடைந்து, மூன்றாவது அடி ஒன்று முளைத்துவிடும்.

விவசாயி ஒருவரின் பேச்சை மேற்கோள் குறிக்குள் கொடுத்திருந்தால், அவருடைய "ஊத்தணும்", "முன்னாடியே" எல்லாம் அப்படியே இருக்கட்டும். நாம் இளக்குகிற மற்ற பகுதியின் நடைக்கு அதை இழுத்து வந்தால், அவர் சொல்லாததை அவர் வாயில் போட்டதாகிவிடும். நீளமாக இருந்தால் மேற்கோள் குறியை எடுத்துவிட்டு அவர் சொன்னதன் சாரத்தை நம் வாக்கியத்தில் சொல்லலாம். குறியும் இருந்து சொல்லும் மாறியிருப்பதுதான் தவறு.

மருந்து லேபிள் வரிகள் இன்னும் கண்டிப்பானவை. இந்தியாவில் பூச்சிமருந்துப் பொட்டலத்தில் சாய்ந்த சதுரம் ஒன்று அச்சாகியிருக்கும். அதன் கீழ்ப் பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நச்சுத்தன்மை குறைந்துகொண்டே போகும் வரிசையில் ஒரு நிறம். மேல் பாதியில் அதற்குரிய சொல். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் விஷம், நீலத்துக்கு அபாயம், பச்சைக்கு எச்சரிக்கை என்ற பொருளில் அந்தச் சொற்கள் வரும். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் உள்ள ஏற்பாடு இது. பேச்சுத் தமிழில் அபாயமும் எச்சரிக்கையும் ஒன்றுக்கு ஒன்று பதிலாக வந்துபோகும். இங்கே அவை படிநிலைகள். பொட்டலத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதே சொல்தான் துண்டறிக்கையிலும் வர வேண்டும், ஓசைக்காகவோ நயத்துக்காகவோ மாற்றக்கூடாது.

படி 5: ஒட்டுவதும் எண்ணிப் பார்ப்பதும்

எல்லாக் குறிகளையும் ஒட்டி முடித்ததும் `[[` என்று தேடுங்கள். ஒன்றும் அகப்படக்கூடாது. பிறகு பூட்டுப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியாகப் புதிய பத்தியில் கண்டுபிடித்து டிக் போடுங்கள். ஒரு பக்கத் துண்டறிக்கைக்கு இது போதும்.

ஐம்பது பக்கக் கையேட்டுக்குக் கணினி உதவி வேண்டும். அதற்கு முன் ஒரு தடையைத் தாண்ட வேண்டியிருக்கும். பழைய தட்டச்சுக் கோப்புகள் யுனிகோடு இல்லாத எழுத்துருவில் இருக்கும். அவற்றை மாற்றும்போது "போ" போன்ற எழுத்துகள் சில இடத்தில் ஓகாரத்துக்கான ஒரே குறியாகவும், சில இடத்தில் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதிவாகும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்று அகப்படாது. "போர்டோ" என்ற சொல்லில் இப்படி இரண்டு இடம் இருக்கிறது. கீழேயுள்ள சிறு நிரல் முதலில் அதைச் சீராக்கிவிட்டுப் பிறகு எண்ணுகிறது.

```python
import unicodedata
def padi(f):
    t = open(f, encoding="utf-8-sig").read()
    return " ".join(unicodedata.normalize("NFC", t).split())
a, b = padi("moolam.txt"), padi("pudhu.txt")
for v in open("poottu.txt", encoding="utf-8-sig"):
    v = " ".join(unicodedata.normalize("NFC", v).split())
    if v and a.count(v) != b.count(v):
        print(v, a.count(v), b.count(v))
```

`moolam.txt` மூலம், `pudhu.txt` இளக்கியது, `poottu.txt` பட்டியல், வரிக்கு ஒன்று. எண்ணிக்கை மாறியவற்றை மட்டும் இது காட்டும். பட்டியலில் கலைச்சொல்லை முழுதாகப் போடாமல், உருபு ஏற்றாலும் மாறாத பகுதியை மட்டும் போடுங்கள். "மயில்துத்த" என்று போட்டால் மயில்துத்தம், மயில்துத்தத்தை, மயில்துத்தக் கரைசல் மூன்றையும் பிடிக்கும். "சுட்ட சுண்ணாம்ப" என்று போட்டால் சுண்ணாம்பு, சுண்ணாம்பை இரண்டும் அகப்படும், ஏனென்றால் கோப்பில் உயிர்க்குறி மெய்யெழுத்துக்குப் பின் தனிக் குறியாகத்தான் இருக்கிறது.

வருகிற விடையைப் படிக்கும் விதம் வகைக்கு வகை வேறு. மேற்கோள் என்றால் எண்ணிக்கை சமமாகவே இருக்க வேண்டும். கலைச்சொல் கூடியிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை, நீண்ட வாக்கியத்தை உடைத்தபோது பெயரைத் திரும்பச் சொல்லியிருப்போம். குறைந்திருந்தால் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். அங்கே "அது" என்றோ வேறொரு பெயரோ புகுந்திருக்கும். திசைப் பூட்டையும் பொருள் பூட்டையும் இந்த நிரலால் பார்க்க முடியாது. அவற்றை இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

படி 6: அச்சுப்படியும் ஒரு காதும்

அச்சுக்குப் போகும் வடிவத்தில் மட்டும் தோன்றும் சேதங்கள் உண்டு. "1" ஒரு வரியின் கடைசியிலும் "கிலோ" அடுத்த வரியின் தொடக்கத்திலும் பிரிந்து நிற்கலாம். வேர்ட் கோப்பில் எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே Ctrl+Shift+Space கொடுத்தால் இரண்டும் பிரியாது. "0.5" என்பதை ".5" என்று சுருக்க விடாதீர்கள். ஒளிநகல் எடுத்து எடுத்துப் புள்ளி மங்கினால், மிஞ்சுவது 5 மட்டும்தான்.

முடிந்தால் தோட்ட வேலை தெரிந்த ஒருவருக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். "புரியுதாண்ணா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். "ஏண்ணா, இதுல எதை எதுல ஊத்தணும்னு போட்டிருக்கு?" என்று கேளுங்கள். "மயில்துத்தத் தண்ணிய சுண்ணாம்புல" என்று தயங்காமல் வந்தால் வாக்கியம் சரி. காகிதத்தைத் திரும்பப் பார்த்துத் தேடினால், அந்த வாக்கியத்தை மறுபடி எடுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்கிறாரா, தாளிலிருந்து சொல்கிறாரா என்ற சந்தேகம் வந்தால், காபி வேலை அறியாத ஒருவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

பூட்டிய வரியே தவறாக இருந்தால்

இது வரத்தான் செய்யும். ஒரு மூலத்தில் "0.5 விழுக்காடு" என்றும், அடுத்த வரியில் 1 கிலோ மயில்துத்தத்துக்கு மொத்தம் 100 லிட்டர் தண்ணீர் என்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டருக்கு 1 கிலோ என்றால் அது 1 விழுக்காடு. 0.5 வேண்டுமானால் 200 லிட்டர் வேண்டும். இரண்டில் எது எழுதியவரின் எண்ணம் என்பது நமக்குத் தெரியாது. 1 விழுக்காடு கலவையும் வேறு பயிர்களில் வழக்கத்தில் இருப்பதுதான். ஆகவே எதையும் நாமாகத் திருத்தாமல், அந்த இரண்டு வரியையும் சிவப்பில் வட்டமிட்டு, கணக்கையும் பக்கத்தில் எழுதி, எழுதியவருக்கு அனுப்பிவிடுங்கள். பதில் வரும்வரை அந்தப் பக்கம் அச்சுக்குப் போகக்கூடாது. பதில் வந்ததும் புது எண்ணை மூலத்தில், பூட்டுப் பட்டியலில், இளக்கிய பத்தியில் என மூன்று இடத்திலும் மாற்றி, யார் சொல்லி மாற்றினோம் என்பதைப் பட்டியலின் ஓரத்தில் தேதியோடு குறித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு மழைக்கு முன் இதே துண்டறிக்கை மறுபதிப்புக்கு வரும்போது அந்தக் குறிப்பைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பீர்கள்.